முன்னா, பின்னா? தசைநீட்டலும் தொடைத்தசைக் கிழிவும்

பயிற்சிக்கு முன் தசையை நீட்டினால் காயம் வராது, பின் நீட்டினால் வலி வராது என்ற பழைய பாடத்தை ராணுவ முகாமிலும் கால்பந்துத் திடலிலும் நடந்த சோதனைகள் எந்த அளவுக்கு ஏற்கின்றன?

ஓடத் தொடங்குமுன் குனிந்து கால்விரலைத் தொடுவதும், குதிகாலைத் திண்டின்மேல் வைத்துத் தொடையை இழுத்துப் பிடித்து நிற்பதும் பள்ளித் திடல் முதல் உடற்பயிற்சிக் கூடம் வரை பல பத்தாண்டுகளாக வழங்கிவரும் ஒழுங்குகள். ஸ்ட்ரெச்சிங் என்று பலரும் அழைக்கும் இந்தத் தசைநீட்டலைப் பயிற்சிக்கு முன் செய்தால் சதை இழுத்துக்கொள்ளாது என்றும், பின் செய்தால் மறுநாள் உடல் வலிக்காது என்றும் பயிற்றுநர்கள் சொல்லி வந்தனர். இவ்விரண்டு கூற்றுகளும் நீண்ட காலம் அனுபவத்தின் பேரிலேயே ஏற்கப்பட்டிருந்தன. கடந்த நூற்றாண்டின் இறுதியிலிருந்துதான், ஒரு பகுதியினரை நீட்டச் செய்தும் மற்றொரு பகுதியினரை நீட்டாமல் விட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் பெரிய சோதனைகள் அவற்றை உரசிப் பார்த்தன. அந்தச் சோதனைகளின் முடிவைப் புரிந்துகொள்ள, தசை எந்தக் கணத்தில், எதனால் கிழிகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். அதற்கு வேக ஓட்டத்தில் அடிக்கடி காயம்படும் தொடைப் பின்தசையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை.

கிழியும் கணம்

ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் தொடைப் பின்தசை உண்மையில் மூன்று தசைகளின் தொகுதி. உட்காரும்போது உடலின் எடையைத் தாங்கும் இடுப்பெலும்பின் அடிமுனையிலிருந்து புறப்பட்டு, தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்புகளில் அவை பொருந்துகின்றன. இடுப்பு, முழங்கால் என்ற இரண்டு மூட்டுகளையும் தாண்டிச் செல்வதால், தொடை முன்னோக்கி உயரும்போதும் முழங்கால் நீளும்போதும் இத்தொகுதி இழுபடுகிறது.

முழு வேகத்தில் ஓடுபவரின் கால் காற்றில் முன்னே வீசப்பட்டு, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பான கணத்தில், கீழ்க்கால் முன்னோக்கிப் பாய்ந்துவிடாமல் தடுத்து நிறுத்தும் பொறுப்பு இந்தப் பின்தசையின் மேல் விழுகிறது. அப்போது தசை தன் முழு விசையோடு சுருங்க முயல்கிறது. ஆனால் வீசப்படும் காலின் வேகம் அதை எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருக்கிறது. சுருங்க முயன்றபடியே நீளும் இந்த நிலையை நீள்சுருக்கம் எனலாம். ஓடும்போது ஏற்படும் பின்தசைக் கிழிவுகளில் பெரும்பாலானவை, தொடையின் வெளிப்புறமாகச் செல்லும் தசையின் நீண்ட தலைப்பகுதியில், இத்தகைய நீள்சுருக்கத்தின்போது நிகழ்வதாகவே கருதப்படுகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தக் கணத்தில் அத்தசையின் நீளம், நேராக நிற்கும்போது இருக்கும் நீளத்தைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் கூடுதல். முழங்காலும் முற்றாக நீண்டுவிடுவதில்லை. முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடக்கூடிய ஒருவரின் பின்தசை, ஓட்டத்தில் தேவைப்படும் நீளத்தை ஏற்கெனவே எட்டிவிடக்கூடியது. ஆகவே பெரும்பாலான ஓட்டக்காரர்களிடம் குறைபடுவது நீளும் திறன் அன்று. நீண்ட நிலையில், மிகக் குறுகிய நேரத்தில், பெரும் விசையைத் தாங்கும் வலிமையே. தசைநீட்டல் பற்றிய சோதனைகள் தந்த எதிர்பாராத முடிவுகளுக்கு இந்த வேறுபாடே பெரிதும் விளக்கம் தருகிறது.

நீட்டும்போது நடப்பது

தசைநீட்டலில் இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ஒரு தசையை அதன் எல்லை வரை இழுத்து, அசையாமல் அரை நிமிடம்போலப் பிடித்து நிற்பது நிலைநீட்டல். காலை முன்னும் பின்னும் வீசுவது, நீண்ட அடி எடுத்து வைத்துத் தாழ்வது என அசைவின் ஊடாகவே தசையை நீட்டித் திரும்புவது இயங்குநீட்டல்.

நிலைநீட்டலில் தசையைப் பிடித்திருக்கும் முதல் சில நொடிகளிலேயே அதன் இறுக்கம் ஓரளவு தளர்கிறது. பலமுறை செய்தபின் இன்னும் கூடுதலாகக் குனிய முடிவதும் உண்மையே. எனினும் அந்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி, தசை நீளமாகிவிட்டதால் வருவதன்று; இழுவையை உடல் உணரும் விதம் மாறி, முன்பு வலியாகத் தோன்றிய அதே இழுவை இப்போது பொறுக்கத்தக்கதாகிவிடுவதால் வருவது. இறுக்கத்தில் ஏற்படும் தளர்ச்சியும் நிலைப்பதில்லை. சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரத்திற்குள் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

பயிற்சிக்கு முன் நெடுநேரம் பிடித்து நிற்பதற்கு ஒரு விலையும் உண்டு. கனடாவின் டேவிட் பெம்மும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, ஒரு தசையை மொத்தம் 60 நொடி அல்லது அதற்கு மேல் நிலைநீட்டல் செய்தால், அதையடுத்து உடனே அளக்கப்படும் ஆற்றல் சராசரியாக 4.6 விழுக்காடு குறைகிறது. 60 நொடிக்கும் குறைவாக நிறுத்திக்கொண்டால் அந்தக் குறைவு 1.1 விழுக்காடு மட்டுமே; இயங்குநீட்டலுக்குப் பின்னரோ ஆற்றல் 1.3 விழுக்காடு கூடுகிறது. மாலை நடைக்குச் செல்பவருக்கு இந்த வேறுபாடுகள் பொருட்டல்ல. 100 மீட்டர் ஓட்டத்திலும் உயரம் தாண்டுதலிலும் இறங்குபவருக்கு 4 விழுக்காடு என்பது பதக்கத்துக்கும் வெறுங்கைக்கும் இடையிலான தொலைவு.

ராணுவ முகாமில் ஒரு சோதனை

காயத்தைத் தடுக்கிறதா என்ற நேரடிக் கேள்விக்கு விடை தேடிய சோதனைகளில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது, ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடையே ராட்னி போப் தலைமையில் நடத்தப்பட்டு 2000இல் வெளியான ஆய்வு. அடிப்படைப் பயிற்சிக்கு வந்த 1,538 பேர் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். 12 வாரங்கள் நீடித்த பயிற்சியில் 735 பேர், ஒவ்வொரு முறையும் உடலைச் சூடேற்றும் வார்ம்-அப் நேரத்தில், காலின் ஆறு பெரிய தசைத் தொகுதிகளையும் தலா 20 நொடி நிலைநீட்டல் செய்தனர். எஞ்சிய 803 பேர் அதே சூடேற்றத்தைச் செய்தாலும் தசையை நீட்டவில்லை. ஒரே உணவு, ஒரே தங்குமிடம், ஒரே ஓட்டம், ஒரே அணிவகுப்பு என்று மற்ற யாவும் ஏறத்தாழ ஒன்றாக அமையும் ராணுவ முகாம், இத்தகைய ஒப்பீட்டுக்கு மிகவும் ஏற்ற களம்.

முடிவில், நீட்டியவர்களிடையே 158 கால் காயங்களும் நீட்டாதவர்களிடையே 175 கால் காயங்களும் பதிவாயின. குழுக்களின் எண்ணிக்கையோடு பொருத்திப் பார்த்தால், இரு பக்கத்திலும் நூற்றுக்கு 21 முதல் 22 வரை. நீட்டியதால் கிடைத்த பாதுகாப்பு என்று சொல்லத்தக்க எதுவும் தென்படவில்லை. மாறாக, பயிற்சி தொடங்கும்போது உடல்தகுதி எவ்வளவு இருந்தது என்பது காயத்தை முன்கூட்டியே காட்டும் வலுவான அடையாளமாக இருந்தது. 20 மீட்டர் தொலைவை மாறி மாறி ஓடும் தேர்வில் மிகப் பின்தங்கியவர்கள், முன்னணியில் நின்றவர்களைவிடப் பன்மடங்கு காயப்பட்டனர்.

இந்த ஆய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. ராணுவப் பயிற்சியின் காயங்களில் முழங்கால் வலியும், தொடர்ந்து அதிர்வு ஏற்று எலும்பில் விழும் நுண்விரிசலும் கணிசமான பங்கு பெறுகின்றன. தசையை எவ்வளவு நீட்டினாலும் எலும்பின் விரிசல் குறையும் என்று எதிர்பார்க்க இயலாது. எனவே தசைக் கிழிவை மட்டும் தனியே பார்த்தால் வேறு விடை கிடைக்குமோ என்ற ஐயம் எஞ்சியது. நார்வே, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2,377 பெரியவர்களைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட மற்றொரு சோதனை இந்த ஐயத்துக்கு ஓரளவு விடை தந்தது. அதில் நீட்டல் குழுவினர், பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஏழு தசைத் தொகுதிகளைத் தலா 30 நொடி நீட்டினர். எல்லாக் காயங்களையும் சேர்த்து எண்ணியபோது இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் தசை, தசைநாண், மூட்டுநார் ஆகியவற்றின் காயங்களை மட்டும் பிரித்து எண்ணியபோது, நீட்டியவர்களிடையே அவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தன.

நீட்டல் முழுவதும் பயனற்றது என்று கூறிவிடக் கூடாது என்பதற்கு இந்த முடிவு ஒரு சான்று. எனினும் அதில் பங்கேற்றவர்கள் முன்னும் பின்னும் நீட்டியதால், அந்தச் சிறு நன்மை எந்த வேளை நீட்டலால் வந்தது என்று பிரித்துக் காட்ட முடியாது. தாம் நீட்டும் குழுவில் இருப்பதை அறிந்த மக்களே தம் காயங்களைத் தாமே தெரிவித்தனர் என்பதால், அந்த எண்ணைச் சற்றுத் தள்ளுபடி செய்தே ஏற்க வேண்டும்.

பின்னர் நீட்டினால் வலி குறையுமா?

பயிற்சி முடிந்தபின் நீட்டுவதால் அன்றைய கிழிவைத் தடுக்க வழியில்லை. கிழிவதாக இருந்தால் அது ஓட்டத்தின்போதே கிழிந்திருக்கும். ஆகவே பின்நீட்டலுக்குக் கூறப்படும் காரணம் பெரும்பாலும் மறுநாள் வலியைப் பற்றியதே. பழக்கமில்லாத பயிற்சி செய்த ஒருவருக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்கவே முடியாதபடி தொடை கனத்து வலிப்பது, முன்னர் விளக்கிய நீள்சுருக்கத்தில் தசை இழைகளுக்குள் நேரும் நுண்ணிய சிதைவாலும், அதைச் சீர்செய்ய உடல் தொடங்கும் அழற்சியாலும் வருவது. தசையில் தேங்கிய அமிலத்தால் அந்த வலி வருகிறது என்றும், நீட்டினால் அது வெளியேறிவிடும் என்றும் சொல்லப்பட்டு வந்த விளக்கம் பிழையானது. அந்தப் பொருள் பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்திற்குள் தானாகவே இயல்பு நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2011இல் வெளியிட்ட ஆய்வு, 12 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வலியை 100 புள்ளி கொண்ட அளவில் குறித்தபோது, முன்நீட்டல் மறுநாள் வலியைச் சராசரியாக அரைப் புள்ளியும் பின்நீட்டல் ஒரு புள்ளியும் குறைத்தன. ஒருவர் தன் உடலில் உணரக்கூடிய வேறுபாடு அன்று இது.

பின்நீட்டலுக்கு வேறொரு பயன் உண்டு. தசை சூடாக இருக்கும் அந்த வேளையில், ஒவ்வொரு தொகுதியையும் 30 நொடி வீதம் இரண்டு மூன்று முறை நீட்டுவதை வாரத்தில் பல நாள்கள், தொடர்ந்து பல வாரங்கள் கடைப்பிடித்தால் மூட்டின் அசைவெல்லை மெய்யாகவே விரிகிறது. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்வதால் இடுப்பும் தொடையும் இறுகியவருக்கும், காலை உயர்த்தி வீச வேண்டிய நடனக் கலைஞருக்கும், தடைதாண்டும் ஓட்டக்காரருக்கும் அது தேவையே. அதைச் செய்ய வேண்டிய காரணம் அசைவெல்லையே அன்றி, காயத்திலிருந்து காப்பாற்றிக்கொள்வது அன்று.

காப்பது வலிமை

நீள்சுருக்கத்தில் தசை கிழிகிறது என்றால், அந்த நீள்சுருக்கத்துக்கே தசையைப் பழக்குவதுதான் நேரான வழி. டென்மார்க்கின் கால்பந்து அணிகளில் 942 வீரர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளியான சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. அதில் பயன்பட்ட பயிற்சிக்கு நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங் என்று பெயர். முழங்கால்களை மெத்தையில் ஊன்றி நிமிர்ந்து நிற்கும் வீரரின் கணுக்கால்களை மற்றொருவர் பின்னாலிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். முழங்காலிலிருந்து தலை வரை உடலை ஒரே நேர்கோட்டில் வைத்தபடி வீரர் முன்னோக்கிச் சாய்கிறார். விழும் வேகத்தைத் தொடைப் பின்தசையால் மட்டுமே தடுத்து, இயன்றவரை மெல்ல இறங்கி, தாங்க முடியாத கட்டத்தில் கைகளால் தரையை ஏந்தி, மார்பு தரையைத் தொட்டதும் கைகளால் உந்தி எழுகிறார். இடுப்பை மடக்கி இறங்குவதும், சாயத் தொடங்கிய உடனே பொத்தென்று விழுவதும் இதில் காணப்படும் பொதுவான பிழைகள்; இரண்டிலும் பின்தசை வேலை செய்யாமல் தப்பிவிடுகிறது.

டென்மார்க் அணிகள் அளவை மெல்லக் கூட்டின. முதல் வாரத்தில் ஒரே நாள், ஐந்து ஐந்தாக இரண்டு சுற்று. இரண்டாம் வாரத்தில் இரண்டு நாள், ஆறு ஆறாக இரண்டு சுற்று. மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று நாள், மூன்று சுற்று என்று வளர்ந்து, ஐந்தாம் வாரம் முதல் 12, 10, 8 என்ற எண்ணிக்கையில் பத்தாம் வாரம் வரை சென்றது. அதன்பின் வாரம் ஒருமுறை செய்து காத்துக்கொண்டனர். ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரு குழுக்களில், இதைச் செய்தவர்களிடையே 15 பின்தசைக் காயங்களும் வழக்கமான பயிற்சியை மட்டும் செய்தவர்களிடையே 52 காயங்களும் நேர்ந்தன. முன்பே ஒருமுறை காயம்பட்டு மீண்டவர்களிடம் பலன் இன்னும் பெரிதாக இருந்தது. இப்பயிற்சி நீண்ட நிலையில் தசையின் விசையைக் கூட்டுவதோடு, தசை இழைக் கற்றைகளின் நீளத்தையும் சில வாரங்களில் வளர்க்கிறது. நீட்டி நிற்பதால் எளிதில் பெற முடியாத அந்த நீளத்தை உழைப்பு பெற்றுத் தருகிறது.

இதன் குறை, முதல் சில வாரங்களில் தொடை கடுமையாக வலிப்பதே. வேகமாக அளவை ஏற்றினாலும், போட்டிக்கு முந்தைய நாளில் செய்தாலும் வீரர்கள் வெறுத்து விட்டுவிடுகின்றனர். விட்டுவிட்டால் பெற்ற பலனும் சில வாரங்களில் கரையத் தொடங்குகிறது.

மாலை ஆட்டத்துக்கு ஓர் ஒழுங்கு

வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டும் கால்பந்தோ கிரிக்கெட்டோ ஆடும், மற்ற நாள்களில் அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கு மேற்கண்டவற்றைப் பொருத்திப் பார்க்கலாம். திடலுக்கு வந்ததும் அவர் செய்ய வேண்டியது குனிந்து நிற்பதன்று. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், நெற்றியில் வியர்வை அரும்பும் வரை ஐந்து முதல் எட்டு நிமிடம் மெல்லோட்டம். சூடேறிய தசை கிழிய, குளிர்ந்த தசையைவிட அதிக விசையும் அதிக நீட்சியும் வேண்டும் என்பது விலங்குத் தசைகளில் செய்த ஆய்வுகளில் கண்டறியப்பட்டது. அதன்பின் கம்பத்தைப் பிடித்தபடி ஒவ்வொரு காலையும் முன்பின்னாகப் பத்து முறை, பக்கவாட்டில் பத்து முறை வீசுதல், நீண்ட அடிவைத்துத் தாழ்ந்தபடி பத்துப் பதினைந்து மீட்டர் நடத்தல், முழங்காலை உயர்த்தியும் குதிகால் பிட்டத்தைத் தொடும்படியும் ஓடுதல் என ஐந்து நிமிடம் இயங்குநீட்டல்.

பலரும் விட்டுவிடும் கடைசிப் படி ஒன்று உண்டு. 30, 40 மீட்டர் தொலைவை முதலில் பாதி வேகத்திலும், பிறகு முக்கால் வேகத்திலும், இறுதியில் ஏறத்தாழ முழு வேகத்திலும் நான்கு முறை ஓடிப் பார்ப்பதே அது. மெல்லோட்டத்தில் பின்தசைமீது விழும் சுமைக்கும் முழு ஓட்டத்தில் விழும் சுமைக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது. அதைப் படிப்படியாகக் கடக்காதவர், ஆட்டத்தின் முதல் பந்தைத் துரத்தும்போதே ஒரே தாவலில் கடக்க நேர்கிறது. ஏதேனும் ஒரு தசை மட்டும் இறுக்கமாகத் தோன்றினால், மெல்லோட்டத்துக்கும் காலை வீசுவதற்கும் இடையில் அதை 20, 30 நொடி பிடித்து நீட்டுவதில் தீங்கில்லை. அந்தச் சிறு நேரத்தால் குறையும் ஆற்றல், பின்வரும் அசைவுகளில் மீண்டுவிடுகிறது. பெற்ற சூடும் நெடுநேரம் தங்காது. கால்பந்தின் 15 நிமிட இடைவேளையிலேயே தொடைத்தசையின் வெப்பம் 1 டிகிரிக்கு மேல் இறங்கிவிடுவது அளந்து காணப்பட்டிருக்கிறது. எல்லைக்கோட்டருகே நெடுநேரம் நின்றபின் பந்துவீச அழைக்கப்படுபவரும், இடைவேளைக்குப் பின் களமிறங்குபவரும் இரண்டு மூன்று நிமிடமாவது மீண்டும் ஓடிச் சூடேற்றிக்கொள்ள வேண்டும்.

ஆட்டம் முடிந்தபின் நீட்டுவது அவருடைய விருப்பம். தவிர்க்கக் கூடாதது, போட்டி இல்லாத நாள்களில் செய்யும் நார்டிக் பயிற்சியே.

இழுத்துக்கொண்டபின் நீட்டக் கூடாது

தொடையில் வரும் வலி எல்லாம் ஒன்றன்று. எது என்று அறிவதைப் பொறுத்தே நீட்டலாமா என்பது முடிவாகிறது. களைத்த தசை கட்டியாக இறுகிப் பிடித்துக்கொண்டு, மெல்ல நீட்டியதும் விட்டுவிட்டால் அது பிடிப்பு. அங்கே நிலைநீட்டலே மருந்து. இரு தொடைகளிலும் மறுநாள் தொடங்கி, மூன்று நான்கு நாள்களில் தானே தணிந்தால் அது பயிற்சி வலி. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு தொடையின் பின்புறம் சுரீரென்று வெட்டி, வேகத்தைத் தொடர முடியாமல் செய்து, விரலால் அழுத்தினால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வலித்தால் அது கிழிவு. கிழிவு என்று தெரிந்தபின், இறுக்கம் விடட்டும் என்று குனிந்து நீட்டுவது, அறுந்த இழைகளின் விளிம்பை மேலும் பிரிப்பதாகும். ஆட்டத்தை நிறுத்தி, காலுக்கு ஓய்வு கொடுத்து, துணி சுற்றிய ஐஸ் வைத்து, இறுக்கமாகக் கட்டிவிடுவது முதல் நாளுக்குப் போதும். கறுத்த இரத்தக்கட்டு பரவினாலோ, காலை ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ, உட்காரும் எலும்பின் அருகே டப்பென்ற ஓசை கேட்டிருந்தாலோ தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்; அங்கே தசைநாண் எலும்பிலிருந்தே பிய்ந்திருக்கக்கூடும்.

ஒருமுறை கிழிந்த தசை மீண்டும் கிழியும் வாய்ப்பு மிகுதி என்பதால், நடக்கும்போது வலிக்கவில்லை என்ற ஒன்றைக் கொண்டு களத்துக்குத் திரும்புவது போதாது. அழுத்தினால் வலி இல்லாமை, மறுகாலுக்கு நிகரான விசை, படிப்படியாக ஏற்றிய ஓட்டத்தில் முழு வேகத்தையும் தயக்கமின்றி எட்டுதல் ஆகிய மூன்றும் அமைந்த பின்னரே திரும்ப வேண்டும். இவற்றில் குனிந்து கால்விரலைத் தொட முடிவது இடம்பெறவில்லை.